மோனோபோல் கிடைத்தால் மேக்ஸ்வெல் சமன்பாடுகளில் எது மாறும்?

கேள்வி: வடமுனை மட்டுமோ தென்முனை மட்டுமோ உள்ள ஒரு துகள் (மோனோபோல்) நிஜமாகவே இருந்தால் மேக்ஸ்வெல்லின் நாலு சமன்பாடுகளும் எப்படி மாறும்? மின்சாரமும் காந்தமும் சமமாகிவிடும் என்கிறார்களே, அது எந்த அர்த்தத்தில்?

பதில்: நாலில் இரண்டு அப்படியே இருக்கும், இரண்டு மட்டும் மாறும். முதலில் எழுதியே காட்டிவிடுகிறேன்.

```
∇·E = ρe/ε0
∇·B = μ0 ρm
∇×E = −∂B/∂t − μ0 Jm
∇×B = (1/c²) ∂E/∂t + μ0 Je
```

ρe என்பது நமக்குப் பழக்கமான மின்னூட்ட அடர்த்தி, Je மின்னோட்ட அடர்த்தி. ρm, Jm இரண்டும் புதியவை: காந்த ஊட்டத்தின் அடர்த்தியும், அந்த ஊட்டம் நகரும்போது உண்டாகும் காந்த ஓட்டத்தின் அடர்த்தியும். அந்த இரண்டையும் சுழியாக வைத்தால் கல்லூரியில் படித்த பழைய நாலு வரிகள் திரும்பி வந்துவிடும். இரண்டாவது வரியில் நடந்த மாற்றம் எல்லோருக்கும் உடனே புரிந்துவிடும். காந்தப்புலக் கோடுகள் எங்கேயும் தொடங்காது, எங்கேயும் முடியாது என்பதால்தான் அங்கே சுழி இருந்தது, மோனோபோல் வந்தால் கோடுகள் அதிலிருந்து புறப்படும், அவ்வளவுதான்.

மூன்றாவது வரிதான் நின்று பார்க்க வேண்டியது. அதாவது ஃபாரடே விதி. பி.எஸ்சி. படிக்கும்போது இதை நானே எழுதிப் பார்த்தேன், அப்போது Jm முன்னால் கூட்டல் குறி போட்டுவிட்டேன். நாலாவது வரியில் Je முன்னால் கூட்டல்தானே இருக்கிறது, சமச்சீர் என்றால் இங்கேயும் அதுதானே வரும் என்று நினைத்தேன். அது தப்பு என்று தெரிய ஒரு வரிக் கணக்கு போதும். எந்தப் புலத்தின் கர்லுக்கும் டைவர்ஜென்ஸ் எடுத்தால் சுழி. மூன்றாவது வரியின் இரு பக்கமும் டைவர்ஜென்ஸ் எடுங்கள், இடது பக்கம் சுழி, வலது பக்கத்தில் ∇·B வரும் இடத்தில் μ0 ρm போடுங்கள். கிடைப்பது இது:

```
∇·Jm + ∂ρm/∂t = 0
```

ஒரு இடத்தில் காந்த ஊட்டம் குறைந்தால் அது அங்கிருந்து வெளியே ஓடியிருக்க வேண்டும், தானாக மறைந்துபோகாது என்பதுதான் இதன் பொருள். கூட்டல் குறி போட்டிருந்தால் ஊட்டம் வெளியே ஓட ஓட உள்ளே இருப்பது கூடிக்கொண்டே போகும் என்று வந்திருக்கும். ஆக அந்தக் கழித்தல் குறி நம் விருப்பத்துக்குப் போட்டதல்ல, காந்த ஊட்டம் அழியாமல் இருக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையே அதைக் கொண்டுவந்துவிடுகிறது. மேக்ஸ்வெல் நாலாவது வரியில் இடப்பெயர்ச்சி மின்னோட்டத்தைச் சேர்த்தபின் மின்னூட்டத்துக்கு எப்படிக் கணக்கு சரியானதோ, அதே கதைதான் இங்கே மறுபக்கத்தில் நடக்கிறது.

வெறும் சமன்பாடாகப் பார்த்தால் இது மனதில் ஒட்டாது. ஒரு வளையத்தை எடுத்துக்கொள்வோம். கம்பி வளையத்தைத் தரைக்கு இணையாகப் பிடித்து, மேலிருந்து ஒரு சட்டக் காந்தத்தை அதற்குள் போடுகிறீர்கள். கால்வனோமீட்டர் முள் ஒரு பக்கம் போய், காந்தம் வெளியேறும்போது எதிர்ப்பக்கம் போகும். பள்ளியிலேயே பார்த்திருப்போம். வளையத்தின் வழியே செல்லும் காந்தப்பாயம் சுழியில் தொடங்கி, ஏறி, மறுபடி சுழிக்கே இறங்கியது, அதனால் மொத்தக் கூட்டல் சுழி.

இப்போது காந்தத்துக்குப் பதில் qm அளவு காந்த ஊட்டமுள்ள ஒரு வட மோனோபோல் விழுகிறது. கீழ்நோக்கிய பாயத்தை நேர்க்குறி என்று வைத்துக்கொள்வோம். மோனோபோல் மேலே தூரத்தில் இருக்கும்போது பாயம் சுழி. நெருங்க நெருங்க அதன் கோடுகள் வளையத்தின் வழியே கீழே போகின்றன, வளையத்தின் தளத்தைத் தொடும் நொடியில் அதன் கோடுகளில் சரியாகப் பாதி, அதாவது μ0qm/2, கீழ்நோக்கிப் போகும். தளத்தைத் தாண்டிய மறுகணம் அது வளையத்துக்குக் கீழே இருக்கிறது, இப்போது அதன் கோடுகள் வளையத்தின் வழியே மேலே போகின்றன, அதாவது பாயம் −μ0qm/2. பிறகு தூரம் போகப் போக அது சுழிக்குத் திரும்பும்.

பாருங்கள், முதல் பாதியில் பாயம் சுழியிலிருந்து +½க்கு ஏறுகிறது, இரண்டாம் பாதியில் −½லிருந்து சுழிக்கு ஏறுகிறது. இரண்டும் ஏற்றம்தான், அதனால் மின்னியக்கு விசை இரண்டு பாதியிலும் ஒரே திசையில் இருக்கும். சிக்கல் நடுவில் வருகிறது. தளத்தைக் கடக்கும் கணத்தில் பாயம் +½லிருந்து −½க்கு ஒரே தாவலாகத் தாவுகிறதே! பழைய ஃபாரடே விதி மட்டும் இருந்தால் அந்தத் தாவல் எதிர்த்திசையில் ஒரு மாபெரும் துடிப்பைக் கொடுத்து, அதுவரை சேர்ந்ததையும் இனிச் சேரப்போவதையும் மொத்தமாக அழித்திருக்கும். அந்த ஒரு கணத்தில்தான் வளையத்தின் வழியே காந்த ஓட்டம் பாய்கிறது, −μ0Jm உறுப்பு அந்தத் துடிப்பை மிகச் சரியாக ரத்து செய்கிறது. நான் போட்ட கூட்டல் குறி இருந்திருந்தால் துடிப்பு ரத்தாகாமல் இரட்டிப்பாகியிருக்கும். எனக்கு அந்தக் குறி உண்மையில் புரிந்தது இந்த வளையத்தை வரைந்து பார்த்த பிறகுதான்.

கடைசியில் மிஞ்சுவது என்ன? வளையம் மீக்கடத்தியாக இருந்தால் அதில் நிற்காமல் ஓடும் ஒரு மின்னோட்டம். சட்டக் காந்தம் வந்து போனால் மின்னோட்டம் எழுந்து அடங்கிவிடும், மோனோபோல் வந்து போனால் ஒரு படி ஏறி அப்படியே நிற்கும். அது மெதுவாக வந்ததா வேகமாக வந்ததா, எவ்வளவு நிறை, எதுவும் பொருட்டல்ல, படியின் உயரம் காந்த ஊட்டத்தை மட்டுமே சொல்லும்.

அந்த உயரம் எவ்வளவு என்பதையும் முன்கூட்டியே சொல்ல முடியும். 1931ல் டிராக் காட்டியது அது. மோனோபோலைச் சுற்றி ஒரு எலக்ட்ரான் போனால் அதன் அலையின் கட்டம் முரண்படாமல் இருக்க வேண்டும், அதற்கு மின்னூட்டமும் காந்த ஊட்டமும் இப்படிப் பிணைந்திருக்க வேண்டும்:

```
e · μ0 qm = n h
```

n முழு எண். n = 1 என்றால் ஒரு மோனோபோலிலிருந்து புறப்படும் மொத்தப் பாயம் h/e, அதாவது சுமார் 4.14 × 10⁻¹⁵ வெபர். ஒரே சுற்றுள்ள, 5 செ.மீ. விட்டமுள்ள வளையத்தின் தன்மின்தூண்டல் எண்ணை 0.2 மைக்ரோஹென்றி என்று வைத்தால் படியின் உயரம் சுமார் 20 நானோஆம்பியர். மிக நுண்ணிய காந்தப்பாயத்தையும் அளக்கும் ஸ்குவிட் கருவிக்கு இது எளிதில் அளக்கக்கூடிய அளவு. ஆனால் அதே வளையத்தின் வழியே பூமியின் காந்தப்புலம் அனுப்பும் பாயம் இதைப்போலச் சுமார் இரண்டரைக் கோடி மடங்கு, அதனால் கவசம் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

இதைச் செய்தும் பார்த்தார்கள். ஸ்டான்ஃபோர்டில் பிளாஸ் கப்ரேரா 5 செ.மீ. விட்டமுள்ள, நாலு சுற்றுள்ள நியோபியம் சுருளை வைத்துக் காத்திருந்தார். மீக்கடத்தியில் பாயத்தை எண்ணும் அலகு h/2e, ஏனென்றால் அங்கே எலக்ட்ரான்கள் ஜோடியாகப் போகின்றன. ஆக ஒரு மோனோபோல் ஒரு சுற்றுக்கு 2 அலகு, நாலு சுற்றுக்கு 8 அலகு தர வேண்டும். 1982 பிப்ரவரி 14 அன்று பதிவில் ஒரே ஒரு படி, சரியாக 8 அலகு உயரத்தில்! படிக்கும்போது இப்போதும் எனக்குச் சிலிர்க்கும். ஆனால் அது ஒரே சுருள், ஒரே நிகழ்வு, கருவியில் ஏதோ அதிர்ந்து வந்ததா என்று பக்கத்தில் வைத்துச் சரிபார்க்க வேறு சாட்சி இல்லை. அப்புறம் பல வளையங்களை வைத்து, உண்மையான மோனோபோல் என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட வளையத்தில் ஒரே நேரத்தில் படி விழ வேண்டும் என்று அமைத்தார்கள். பரப்பும் பெரிது, காத்திருந்த காலமும் அதிகம், ஒன்றும் வரவில்லை. அந்த ஒற்றைப் படியை வைத்து மோனோபோல் இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன்.

சரி, "சமம்" என்றால் என்ன என்ற உங்கள் இரண்டாவது கேள்வி. ஊட்டமே இல்லாத வெற்றிடத்தில் பழைய சமன்பாடுகளே சமச்சீரானவைதான்: Eக்குப் பதில் cB, cBக்குப் பதில் −E என்று மாற்றினாலும் அவை மாறாது. ஊட்டம் வந்ததும்தான் ஒரு பக்கம் சாய்கிறது. ρm, Jm சேர்ந்ததும், புலங்களோடு ஊட்டங்களையும் அதே மாதிரி மாற்றினால் நாலு வரிகளும் திரும்ப அதே நாலு வரிகளாக வரும். விசையும் அப்படியே:

```
F = qe(E + v×B) + qm(B − v×E/c²)
```

முழுசாக மாற்ற வேண்டும் என்றுகூட இல்லை, E–cB தளத்தில் எந்தக் கோணத்துக்குச் சுழற்றினாலும் சரி. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. உலகில் எல்லாத் துகளுக்கும் qm/qe விகிதம் ஒன்றாகவே இருந்தால், சரியான கோணத்துக்குச் சுழற்றி எல்லாக் காந்த ஊட்டத்தையும் சுழியாக்கிவிடலாம், பழைய சமன்பாடுகளே திரும்பிவிடும். ஆகவே "எலக்ட்ரானுக்குக் காந்த ஊட்டம் உண்டா" என்று தனியாகக் கேட்பதில் அர்த்தமே இல்லை, அதைச் சுழி என்று நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம். விகிதம் மாறுபட்ட ஒரு துகளாவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சமன்பாடு சமமானாலும் வலிமை சமமாகாது. டிராக் நிபந்தனைப்படி மிகச் சிறிய காந்த ஊட்டம்கூட, ஒரே அலகில் வைத்துப் பார்த்தால், எலக்ட்ரானின் ஊட்டத்தைப்போலச் சுமார் 68.5 மடங்கு. இரண்டு மோனோபோல்களுக்கு இடையே உள்ள விசை, அதே தூரத்தில் உள்ள இரண்டு எலக்ட்ரான்களுக்கு இடையே இருப்பதைவிடச் சுமார் 4700 மடங்கு. ஒரு ஊட்டம் சிறியது என்பதாலேயே மற்றது பெரியதாகிறது.

கடைசியாக ஒன்று. டிஸ்ப்ரோசியம் டைட்டனேட் மாதிரி "ஸ்பின் ஐஸ்" படிகங்களில் மோனோபோல் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று செய்தி படித்திருப்பீர்கள். அங்கே இருப்பது H புலத்தின் டைவர்ஜென்ஸ், அதை அந்தப் பொருளின் காந்தமாக்கமே ஈடுகட்டிவிடுகிறது. Bயின் டைவர்ஜென்ஸ் அங்கேயும் சுழிதான், அந்த முனைகள் படிகத்தைவிட்டு வெளியே வந்து வளையத்துக்குள் விழப்போவதும் இல்லை.