மிகக் குறைந்த விலைப்புள்ளி, மிகக் குறைந்த செலவுதானா?

கேள்வி: எங்கள் தொழிற்கூடத்துக்கு ஒரு ஸ்க்ரூ கம்ப்ரசர் வாங்க மூன்று நிறுவனங்களிடம் விலைப்புள்ளி பெற்றிருக்கிறோம். நிமிடத்துக்கு 10 கன மீட்டர் காற்று, 7 பார் அழுத்தத்தில் தேவை. விலை குறைவாகத் தந்தவரை அழைத்துப் பேசி முடித்துவிடுங்கள் என்கிறது நிர்வாகம். தரத்துக்கும் மதிப்பெண் தந்து, மொத்தச் செலவையும் பார்த்த பிறகே பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த வரிசையில் செய்வது?

பதில்: கம்ப்ரசரைப் பொறுத்தவரை வாங்கும் விலை என்பது செலவின் சிறிய பகுதிதான். பல ஷிப்ட் ஓடும் இயந்திரம் ஒரே ஆண்டில் தன் விலைக்கு நிகரான மின்கட்டணத்தை எளிதில் விழுங்கிவிடும். ஆகவே ஒப்பீட்டின் மையம், நிமிடத்துக்கு ஒரு கன மீட்டர் காற்றைத் தர எத்தனை கிலோவாட் மின்சாரம் பிடிக்கிறது என்ற ஒற்றை எண்தான். மூன்று விலைப்புள்ளிகளிலும் அந்த எண் ஒரே அடிப்படையில் தரப்பட்டிருக்கிறதா என்பதை உறுதிசெய்யும்வரை விலைப் பக்கத்தைத் திறக்காமல் இருப்பது நல்லது.

பிழை பெரும்பாலும் இங்கேதான் நுழைகிறது. ஒருவர் 7 பாரில் அளந்த எண்ணைத் தருவார், இன்னொருவர் 8 பாரில் அளந்ததைத் தருவார். ஒரு பார் கூடினால் மின் செலவு ஏறக்குறைய 6 முதல் 7 சதவீதம் கூடும் என்பதால் அவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை. அதைவிட நுட்பமான வேறுபாடு ஒன்று உண்டு. சிலர் மோட்டாரின் தண்டில் கிடைக்கும் திறனைக் கணக்கிட்டு எண்ணைத் தருகிறார்கள். சிலர் மோட்டார் இழப்பு, குளிர்விக்கும் விசிறி எல்லாவற்றையும் சேர்த்து, மின் இணைப்பிலிருந்து இயந்திரம் முழுவதும் இழுக்கும் திறனைத் தருகிறார்கள். நீங்கள் கட்டணம் செலுத்துவது இரண்டாவதற்குத்தான். எனவே ஒரே படிவத்தை மூவருக்கும் அனுப்பி, 7 பாரில், இயந்திரத்தின் முழு மின் உள்ளீட்டில், ஐஎஸ்ஓ 1217 தரத்தின் இணைப்பு சி முறைப்படி அளந்த எண்ணைக் கையொப்பத்துடன் நிரப்பித் தரச் சொல்லுங்கள். நிரப்பத் தயங்குபவரின் தயக்கமும் ஒரு தகவல்தான்.

உங்கள் தேவையை ஒட்டி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பணத்தின் பெயர் குறுக்கே வராமலிருக்க, மிகக் குறைந்த விலையை 100 என்று வைத்துக்கொள்கிறேன். அ நிறுவனத்தின் விலை 100, ஆ நிறுவனத்தின் விலை 118, இ நிறுவனத்தின் விலை 109. அ நிறுவனம் சரக்குக் கட்டணத்தையும் நிறுவித் தரும் செலவையும் சேர்க்கவில்லை, சேர்த்தால் 106. இ நிறுவனத்துக்குச் சரக்குக் கட்டணம் மட்டும் கூடி 112 ஆகிறது. ஆ நிறுவனத்தின் விலையில் எல்லாமே அடக்கம். இந்தச் சமன்செய்தலிலேயே அ, ஆ இருவருக்கிடையே இருந்த இடைவெளி 18-லிருந்து 12 ஆகக் குறைந்துவிட்டதைக் கவனியுங்கள்.

அடுத்தது மின்சாரம். கன மீட்டருக்கு அ நிறுவனம் 6.9, ஆ நிறுவனம் 6.3, இ நிறுவனம் 6.1 கிலோவாட் என்று எழுதியிருக்கின்றன என்போம். மேலோட்டமாகப் பார்த்தால் இ நிறுவனம்தான் சிக்கனமானது. ஆனால் படிவத்தை நிரப்பச் சொன்னபோது அந்த 6.1 தண்டுத் திறன் என்று தெரியவருகிறது; மோட்டார் இழப்பும் விசிறியும் சேர்ந்ததும் அது 6.6 ஆகிவிடுகிறது. நிமிடத்துக்கு 10 கன மீட்டர் என்ற உங்கள் தேவைக்கு மூன்றும் முறையே 69, 63, 66 கிலோவாட் இழுக்கும். ஆண்டுக்கு 6,000 மணி நேரம் முழுச்சுமையில் ஓடும்போது அ நிறுவனத்தின் இயந்திரத்துக்கு ஆண்டு மின்கட்டணம் 115 ஆகிறது என்று கொண்டால், மற்ற இரண்டுக்கும் 105, 110 ஆகும். ஆண்டுப் பராமரிப்பு முறையே 7, 8, 6.

இவற்றை ஐந்தாண்டுக்குக் கூட்டினால் அ நிறுவனத்தின் மொத்தச் செலவு 716, ஆ நிறுவனத்துக்கு 683, இ நிறுவனத்துக்கு 692. விலையில் முதலில் நின்றவர் செலவில் கடைசிக்குப் போய்விட்டார். வருங்காலச் செலவை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டுமென்று உங்கள் கணக்குப் பிரிவு கேட்டால், 10 சதவீத வட்டியில் ஆண்டுச் செலவை ஐந்தால் பெருக்குவதற்குப் பதிலாகச் சுமார் 3.8 ஆல் பெருக்கினால் போதும். வரிசை மாறாது, ஆ, இ இருவரின் இடைவெளி மட்டும் 9-லிருந்து சுமார் 5 ஆகச் சுருங்கும்.

வரிசையை உண்மையிலேயே மாற்றக்கூடியது ஓடும் நேரம். அதே இயந்திரங்கள் ஆண்டுக்கு 2,000 மணி நேரம் மட்டும், அதாவது ஒரு ஷிப்ட் அளவுக்கு ஓடினால், மொத்தச் செலவு அ நிறுவனத்துக்கும் ஆ நிறுவனத்துக்கும் ஏறத்தாழ 333 என்று சமமாகி, இ நிறுவனம் 325 உடன் முந்திக்கொள்ளும். ஆகவே மணிக்கணக்கை உற்பத்திப் பிரிவின் நினைவிலிருந்து எடுக்காமல், இப்போதுள்ள கம்ப்ரசரின் மீட்டரில் சுமையில் ஓடிய மணியையும் சுமையின்றி ஓடிய மணியையும் தனித்தனியே குறித்துக்கொண்டு எடுங்கள். நிலையான வேகத்தில் ஓடும் ஸ்க்ரூ கம்ப்ரசர் காற்றே தராமல் சும்மா சுழலும்போதும் முழுச்சுமைத் திறனில் கால் பங்குக்குக் குறையாமல் இழுத்துக்கொண்டிருக்கும் என்பதால், அந்த மணிகளையும் கணக்கிலிருந்து தள்ளிவிட முடியாது.

இனி தரம். மதிப்பெண் தருவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதற்கு முன் ஒரு வாசற்படி வேண்டும். காற்றில் கலந்து வரும் எண்ணெயின் அளவு, இரைச்சல், உதிரிபாகக் கையிருப்பு, பழுது என்று அழைத்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார் என்பன போன்றவற்றுக்குக் குறைந்தபட்ச அளவை எழுதிவைத்து, அதை எட்டாத விலைப்புள்ளியை விலை பார்க்காமலே ஒதுக்கிவிட வேண்டும். எட்டியவற்றுக்கு மட்டுமே மதிப்பெண். விலைக்கு 60, தரத்துக்கு 40 என்ற பங்கீட்டை விலைகளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிக் கையொப்பமிட்டு வையுங்கள். பார்த்த பிறகு முடிவு செய்தால், மனத்தில் ஏற்கெனவே இருக்கும் வெற்றியாளருக்கேற்ப எண்கள் வளைந்துகொடுக்கும்.

அந்த 60 மதிப்பெண்ணையும் வாங்கும் விலைக்குத் தராமல் மொத்தச் செலவுக்குத் தர வேண்டும். குறைந்தவருக்கு முழு மதிப்பெண், மற்றவர்களுக்கு விகிதப்படி என்ற வழக்கமான முறையில், வாங்கும் விலையை மட்டும் பார்த்தால் அ நிறுவனம் 60, ஆ நிறுவனம் சுமார் 51. மொத்தச் செலவைப் பார்த்தால் ஆ நிறுவனம் 60, அ நிறுவனம் சுமார் 57. தரத்துக்கான 40-இல் ஒரு மதிப்பெண்கூட மாறாமலேயே முடிவு புரண்டுவிடக்கூடும். மின்சிக்கனத்தை ஏற்கெனவே செலவில் கணக்கிட்டுவிட்டதால், தரப் பட்டியலில் மறுபடியும் அதற்கு மதிப்பெண் தர வேண்டாம்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் விலை பேசும் மேசை. அ நிறுவனம் ஆ நிறுவனத்துக்குச் சமமாக வேண்டுமென்றால் தன் 106-இல் 33 குறைக்க வேண்டியிருக்கும். அது நடக்கிற காரியமில்லை. நிர்வாகம் சொல்வதுபோல் அவரை அழைத்து ஐந்தோ ஆறோ குறைத்துக்கொண்டு ஒப்பந்தம் போட்டால், பேரத்தில் வென்று செலவில் தோற்றதாக ஆகும். அ நிறுவனத்தின் 100-ஐக் காட்டி ஆ நிறுவனத்தை நெருக்குவதும் எனக்கு உடன்பாடில்லை. முதலாவதாக அது நேர்மையில்லை. நெருக்கினால் அவர் மோட்டாரையோ வாரண்டியையோ குறைத்துத்தான் அந்த விலைக்கு வருவார் என்பது அடுத்தது.

பேச வேண்டியது ஆ, இ இருவரிடமும்தான். அவர்களிடமும் முதலில் கேட்க வேண்டியது தள்ளுபடியை அல்ல. ஐஎஸ்ஓ 1217 இணைப்பு சி, நிமிடத்துக்கு ஒன்றரை முதல் 15 கன மீட்டர் வரை தரும் இயந்திரங்களுக்கு, அறிவித்த மின் எண்ணில் 6 சதவீதம் வரை விலகலை அனுமதிக்கிறது. ஆ நிறுவனத்தின் 6.3 சோதனையில் 6.68 என்று வந்தாலும் அவர் விதிப்படி சரியாகவே இருப்பார். உங்களுக்கோ ஐந்தாண்டில் சுமார் 31 கூடுதல் செலவு, அதாவது அவருடைய மொத்தச் சாதகத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல். ஒவ்வொரு 0.1 கிலோவாட்டும் ஐந்தாண்டில் 8-க்குச் சற்று மேல் வரும் என்பதால், பேச்சின் கனம் இந்த எண்ணில்தான் இருக்கிறது. இதே சலுகை இ நிறுவனத்துக்கும் உண்டு என்பதால் கேள்வியை இருவரிடமும் ஒரே வார்த்தைகளில் வையுங்கள்: விலகல் கழிவு எதுவும் இல்லாமல் எந்த எண்ணுக்கு நீங்கள் உத்தரவாதம் தருவீர்கள், அது தாண்டினால் 0.1-க்கு 8 வீதம் விலையில் கழித்துக்கொள்ளச் சம்மதமா?

ஆ நிறுவனம் 6.4-க்கு மட்டுமே உத்தரவாதம் தருமென்றால் அதன் மொத்தச் செலவு 691 ஆகி, 6.6-ஐ உறுதியாகத் தரும் இ நிறுவனத்தின் 692-க்குப் பக்கத்தில் வந்துவிடும். அப்போதுதான் விலைத் தள்ளுபடிக்கு உண்மையான இடம் பிறக்கிறது. ஒருவரின் விலையை மற்றவரிடம் சொல்லாமல், உங்கள் மொத்தச் செலவு இவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று மட்டும் சொல்லி, திருத்திய இறுதி விலையை எழுத்தில் கேட்கலாம். வரும் ஒவ்வொரு சலுகையையும் அதே கணக்கில் போட்டுப் பாருங்கள். விலையில் 4 குறைக்கிறேன் அல்லது முதலாண்டுப் பராமரிப்பை இலவசமாகத் தருகிறேன் என்று இ நிறுவனம் சொன்னால், ஆண்டுப் பராமரிப்பு 6 என்பதால் இரண்டாவதே உங்களுக்கு லாபம். உதிரிபாகமும் கூலியும் இரண்டுமே அதில் அடக்கமா என்பதை மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கொள்முதல் ஆணையில், அனுப்புவதற்கு முன் தயாரிப்பாளரின் தொழிற்கூடத்தில் உங்கள் பொறியாளர் முன்னிலையில் சோதனை நடக்க வேண்டும் என்பதையும், அந்த அறிக்கை கைக்கு வரும்வரை விலையின் ஒரு பகுதி நிறுத்திவைக்கப்படும் என்பதையும், 0.1-க்கு 8 வீதக் கழிவையும் ஒரே பத்தியில் சேர்த்து எழுதுங்கள்.