பயோடேட்டா படம் ஏன் இவ்வளவு பாரமாகிறது?

கேள்வி: சிங்கப்பூரில் வரன் பார்க்கும்போது ஒரு போட்டோவுக்கு ஏன் இத்தனை டென்ஷன்?

பயோடேட்டா என்பது வயது, படிப்பு, வேலை, நட்சத்திரம், குடும்ப விவரம் அடங்கிய ஒரு பக்கத் தாள். வாட்ஸ்அப்பில் வந்ததும் முதலில் திறப்பது படத்தைத்தான். பிடிக்கவில்லை என்றால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "ஜாதகம் பொருந்தவில்லை" என்று நாகரிகமாக முடித்துவிடுவார்கள். உண்மைக் காரணம் தெரியாததால், நிராகரிக்கப்பட்டவர் தன் நிறத்தையும் எடையையும் சந்தேகிக்கிறார். அடுத்து அம்மா, "சேலையில் இன்னொன்று எடுப்போம், கொஞ்சம் வெளிச்சம் கூட்டச் சொல்" என்கிறார். ஸ்டூடியோக்காரர் கேட்காமலேயே முகத்தை வெளுக்கவும் செய்வார்!

விற்பனைக்கு வரும் எச்டிபி வீட்டின் படம் மாதிரிதான் இது. அகலக் கோணத்தில் ஹால் பெரிதாகத் தெரியும். நேரில் போனால் வீட்டில் குறையே இல்லாவிட்டாலும் ஏமாற்றம். பெண் பார்க்க வந்தவர்கள் "படத்தில் வேறு மாதிரி இருந்தீர்களே" என்பதும் அதனால்தான். திருத்தாத, பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் அனுப்பினால் பதில்கள் குறையலாம், ஆனால் இந்தச் சங்கடம் பெரும்பாலும் வராது.

இது பெண்களின் பிரச்சினை மட்டும் என்பது தவறு: உயரம், முடி, சம்பளம், குடியுரிமையா பிஆரா என்று ஆண்களையும் இதே தாளில்தான் வடிகட்டுகிறார்கள்.