பழைய படச்சுருள் வீடியோவில் ஃபிரேம்கள் ஏன் திரும்ப வருகின்றன?

கேள்வி: அமெரிக்காவில் 16 மி.மீ. படச்சுருளிலிருந்து மாற்றிய டிவிடியை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தால், ஐந்துக்கு ஒன்று அப்படியே திரும்ப வருகிறது. வேறொரு பிளேயரில் பார்த்தால் சில ஃபிரேம்களில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிகின்றன. இன்வெர்ஸ் டெலிசினி செய்தால் சரியாகும் என்கிறார்கள். அது என்ன செய்கிறது?

பதில்:

மாற்றிக் கொடுத்தவர் மீது தவறில்லை. படச்சுருளின் வேகமும் அமெரிக்கத் தொலைக்காட்சியின் வேகமும் ஒன்றுக்கொன்று பொருந்தாததால், அங்கே எல்லோருமே கையாண்ட ஒரு கணக்கின் தடயத்தைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள்.

என் பெரியப்பா அமெரிக்காவில் படித்த காலத்தில் எடுத்த நூறடிச் சுருள் ஒன்று, அங்கேயே ஒரு கடையில் டிவிடியாக மாற்றப்பட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. 16 மி.மீ. படச்சுருளில் ஓர் அடிக்கு 40 ஃபிரேம்கள் என்பதால், நூறடியில் 4000 ஃபிரேம்கள் இருக்கும். நொடிக்கு 24 என்று ஓட்டினால் ஏறத்தாழ 2 நிமிடம் 47 நொடி வரும். ஆனால் டிவிடியில் இருந்த அந்தப் பகுதியை எண்ணியபோது சுமார் 5000 ஃபிரேம்கள் இருந்தன. கேமராவில் பதிவாகாத அந்த ஆயிரம் எங்கிருந்து வந்தன என்பதுதான் உங்கள் கேள்வியும்.

அமெரிக்காவின் என்டிஎஸ்சி முறையில் நொடிக்கு 29.97 ஃபிரேம்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு ஃபீல்டுகளால் ஆனது: ஒன்றில் ஒற்றைப்படை வரிகளும் மற்றதில் இரட்டைப்படை வரிகளும் இருக்கும். படச்சுருளை மிகச் சிறிதளவு மெதுவாக்கி நொடிக்கு 23.976 ஆக்கிவிட்டால், நான்கு படங்கள் ஓடும் நேரத்தில் சரியாகப் பத்து ஃபீல்டுகள் தேவைப்படும். எனவே முதல் படத்துக்கு இரண்டு ஃபீல்டு, அடுத்ததற்கு மூன்று, அதற்கடுத்ததற்கு இரண்டு, பிறகு மூன்று என்று பங்கிட்டார்கள். இதுவே 3:2 புல்டவுன். (நம் ஊர்த் தொலைக்காட்சியின் ‘பால்’ முறையில் நொடிக்கு 25 ஃபிரேம்கள் என்பதால், படத்தையே நான்கு சதவீதம் வேகமாக ஓட்டிவிடுவது வழக்கம், அதனால் இந்தச் சிக்கல் நமக்கு அவ்வளவாக அறிமுகமில்லை.)

அடுத்தடுத்த நான்கு படங்களை அ, ஆ, இ, ஈ என்று வைத்துக்கொள்வோம். பத்து ஃபீல்டுகளையும் இரண்டிரண்டாகக் கோத்தால் அஅ, ஆஆ, ஆஇ, இஈ, ஈஈ என்று ஐந்து வீடியோ ஃபிரேம்கள் கிடைக்கும். மூன்றாவதிலும் நான்காவதிலும் இரு வேறு படங்களின் வரிகள் பின்னிக் கிடப்பதைக் கவனியுங்கள். கை அசையும் இடத்தில் ஒரு வரி பழைய இடத்தையும் அடுத்த வரி புதிய இடத்தையும் காட்டுவதால்தான் சீப்புப் பல் தெரிகிறது. உங்கள் முதல் பிளேயர் அநேகமாக ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரு ஃபீல்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது. முதல் ஃபீல்டுகளை மட்டும் வரிசையாகப் படித்தால் அ, ஆ, ஆ, இ, ஈ என்று வரும்; ‘ஆ’ இருமுறை வருவதே நீங்கள் கண்ட மறுபடி. ஆக, இரண்டு பிளேயர்களும் ஒரே பொருளைத்தான் வெவ்வேறு விதமாகக் காட்டுகின்றன.

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள், நானும் அவசரப்பட்டேன். எடிட்டிங் மென்பொருளில் இருந்த டீஇன்டர்லேஸ் வசதியைப் போட்டுச் சேமித்தேன். பற்கள் மறைந்தன, ஆனால் ஐந்துக்கு இரண்டு ஃபிரேம்களில் பெரியப்பாவின் நண்பருக்கு இரண்டு மூக்குகள் வந்துவிட்டன. அந்த வசதி, பின்னிக் கிடந்த இரண்டு படங்களையும் பிரிக்காமல் கலந்துவிட்டது. அந்தக் கோப்பிலிருந்து அவற்றை மறுபடி பிரிக்க வழியில்லை என்பதால், டிவிடியிலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று.

படச்சுருளை வீடியோவாக மாற்றுவதற்கு டெலிசினி என்று பெயர்; அதைத் தலைகீழாகச் செய்யும் இன்வெர்ஸ் டெலிசினி எதையும் கலப்பதில்லை. அது முதலில் ஜோடி சேர்க்கிறது, பிறகுதான் நீக்குகிறது. ‘இஈ’ என்ற நான்காவது ஃபிரேமை எடுத்துக்கொண்டால், அதிலுள்ள ‘இ’யின் ஒற்றைப்படை வரிகளுக்குரிய இரட்டைப்படை வரிகள் முந்தைய ‘ஆஇ’ ஃபிரேமில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்தால் முழு ‘இ’ கிடைத்துவிடுகிறது. படச்சுருளில் இருந்த அதே படம், ஒரு வரியும் குறையாமல். ‘ஆஇ’யிலுள்ள ‘ஆ’வுக்கும் அவ்வாறே முந்தைய ஃபிரேமிலிருந்து ஜோடி தேடினால் இன்னொரு முழு ‘ஆ’ வரும். இப்போது வரிசை அ, ஆ, ஆ, இ, ஈ. எல்லாமே சுத்தமானவை, ஒன்று மட்டும் மிகை. அதை நீக்கினால் மீதி நான்கும் மூலப்படங்கள். ffmpeg மென்பொருளில் இது ஒரே வரி:

```
ffmpeg -i roll.vob -vf "fieldmatch=order=tff:combmatch=full,yadif=deint=interlaced,decimate" -c:v libx264 -crf 14 -an out.mkv
```

`fieldmatch` ஜோடி சேர்க்கிறது. ஜோடி கிடைக்காமல் பற்களோடு எஞ்சும் ஃபிரேம்களை மட்டும் `yadif` சரிசெய்கிறது; வீடியோவாகவே பின்னர் ஒட்டப்பட்ட தலைப்பு எழுத்துகள் அப்படிப்பட்டவை. `decimate` ஒவ்வொரு ஐந்திலும் முந்தையதோடு மிக நெருங்கி ஒத்திருக்கும் ஒன்றை நீக்குகிறது. என் சுருளில் ஒலி இல்லாததால் `-an` போட்டேன். உங்களுடையதில் ஒலி இருந்தால் அந்த இடத்தில் `-c:a copy` என்று எழுதுங்கள். `tff` என்பது டிவிடிகளில் வழக்கமான ஃபீல்டு வரிசை. DV வகை டிஜிட்டல் கேசட்டிலிருந்து இறக்கிய கோப்பாக இருந்தால் பெரும்பாலும் `bff` என்று மாற்ற வேண்டும்.

முடிவைச் சோதிக்க, கேமரா பக்கவாட்டில் நகரும் ஒரு காட்சியைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். பின்னணி ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே அளவு நகர வேண்டும். எங்காவது அசையாமல் நின்றால் மிகை ஃபிரேம் எஞ்சியிருக்கிறது. எங்காவது இரட்டிப்பு தூரம் தாவினால் உண்மையான படம் ஒன்று பறிபோயிருக்கிறது. மாற்றிய பிறகு வீடியோவாகவே வெட்டி ஒட்டியிருந்தால், அந்த வெட்டுகளில் ஐந்தின் வரிசை முறிவதால் இவ்விரண்டும் அங்கே தலைகாட்டும். மொத்த நேரம் மட்டும் மாறக்கூடாது: எனக்கு 5000 ஃபிரேம்கள் 4000 ஆயின, நேரம் அதே 2 நிமிடம் 47 நொடி.

இதையே எல்லாக் கோப்புகளுக்கும் போட்டுவிட வேண்டாம். யாராவது முன்பே வீடியோவின் உயரத்தை, அதாவது வரிகளின் எண்ணிக்கையை, மாற்றியிருந்தால் அல்லது ‘பால்’ முறைக்கும் என்டிஎஸ்சிக்கும் இடையே மாற்றியிருந்தால், ஃபீல்டுகள் பெரும்பாலும் கலந்துபோயிருக்கும். அவற்றை `fieldmatch` பிரிக்காது. இன்னொரு வகை, இப்போது ஸ்கேனரில் ஒவ்வொரு படமாக எடுத்த சூப்பர் 8 சுருள். அது பெரும்பாலும் நொடிக்கு 18 படங்கள் என்ற வேகத்தில் எடுக்கப்பட்டது. ஸ்கேன் செய்தவர் அதை 24 ஆக்கிக் கொடுத்திருந்தால், ஒவ்வொரு நான்கு ஃபிரேமிலும் ஒன்று முழுதாகவே மறுபடி வரும், பற்கள் எங்கும் இருக்காது. அங்கே ஜோடி சேர்க்க ஒன்றுமில்லை. `decimate=cycle=4` மட்டும் போதும். ஐந்துக்கு ஒன்று என்று நீக்கினால் மறுபடிகளில் சில எஞ்சிவிடும்.