போத்தல் சுடுதண்ணியும் அறுகிற இடியப்பமும்

"கிளிநொச்சிப் பக்கம் இருக்கிறேன். மில்லில் அரைத்து வறுத்த சிவப்பரிசி மாவில்தான் இடியப்பம் அவிக்கிறோம். சுடுதண்ணி விட்டுத்தான் குழைக்கிறேன். ஆனாலும் உரல் இறுகிக் கை நோகிறது, இழை அறுந்து துண்டு துண்டாக விழுகிறது. தண்ணியைக் கூட்டினால் அவிந்தபின் களியாகிறது. எங்கே பிழை?"

அந்தத் தண்ணியை எங்கேயிருந்து எடுக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். விடிய எழும்பித் தேத்தண்ணிக்குக் கொதிக்க வைத்து, மிச்சத்தைச் சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றி வைத்து, அதைத்தான் மாவுக்கு விடுகிறீர்கள் என்றால் பிழை பெரும்பாலும் அங்கேதான்.

கோதுமை மாவுக்கு உள்ள, தன்னாலே இழுபடும் பசை அரிசி மாவுக்குக் கிடையாது. மாப்பொருள் சூட்டில் பாதி வெந்து கஞ்சிப் பசையாக மாறினால் மட்டுமே இழை ஒன்றோடொன்று பிடித்து வரும். அதற்கு அரிசி வகையைப் பொறுத்து 65 முதல் 80 பாகை செல்சியஸ் வரை சூடு வேண்டும். மாவும் பாத்திரமும் குளிர்ந்து கிடப்பதால் ஊற்றிய உடனேயே சூடு இறங்கும். கொதிக்கக் கொதிக்க விட்டால் குழையல் 80 பாகை அளவில் நிற்கும், வேலை நடக்கும். போத்தலில் இருந்து வந்த தண்ணியே 80 பாகை என்றால் குழையல் 70க்குக் கீழே போய்விடும். கைக்கு இரண்டும் சுடுதண்ணிதான், மாவுக்கு அப்படியில்லை.

உங்கள் களிக்கும் இதுதான் காரணம். வேகாத மா தண்ணியை உறிஞ்சிப் பிடிக்காது. நீங்கள் கூட்டிய தண்ணி குழையலை இளக்குமே தவிர ஒட்டவைக்காது. ஆவியில் வைத்ததும் அந்த மா எல்லாம் ஒரேயடியாகத் தண்ணியை இழுத்து ஊதும், இழைகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும்.

அயலில் ஒரு பிள்ளைக்கு இதே கரைச்சல் வந்தபோது, அவளுடைய மாவையே இரண்டாகப் பிரித்துக் குழைத்துக் காட்டினேன். ஒரு பங்குக்குப் போத்தல் தண்ணி, மற்றதுக்கு அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு தண்ணி. அளவு இரண்டுக்கும் ஒன்றுதான். முதல் பங்கைப் பிழிந்தபோது இழையின் ஓரமெல்லாம் முள்ளு முள்ளாக வந்து ஒரு விரல் நீளத்துக்குள் அறுந்தது. இரண்டாவது வழுவழுவென்று வந்து ஒரு சாண் தொங்கியது.

இரண்டு கோப்பை வறுத்த மாவுக்கு இரண்டே கால் கோப்பை தண்ணி கொதிக்க வையுங்கள். உப்பை மாவிலேயே கலந்துவிடலாம். தண்ணி குமிழி விட்டுக் கொதிக்கும்போதே இறக்கி, கால் கோப்பையைக் கேத்திலில் விட்டுவிட்டு மீதியை ஒரே வீச்சில் மாவின்மேல் ஊற்றி, அகப்பைக் காம்பால் வேகமாகக் கிளறுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் சூடு வீணாகும். பிறகு மூடி போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். அந்த ஐந்து நிமிடத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள், மா உள்ளே வேகிறதே அப்போதுதான். கை பொறுக்கும் சூடானதும் அடித்துக் குழையுங்கள். ஒரு உருண்டையை அமத்திப் பாருங்கள்: ஓரம் வெடித்தால் கேத்தில் தண்ணியை மறுபடி கொதிக்க வைத்து ஒரு கரண்டி தெளிக்கலாம், விரலில் ஒட்டினால் கொஞ்சம் மா தூவலாம். நல்லாக வறுபட்ட மா கூடக் குடிக்கும், குறைய வறுபட்டது குறையக் குடிக்கும். அதனால் ஒவ்வொரு தடவை வறுத்த மாவுக்கும் அளவு சற்று மாறும்.

ஏற்கெனவே குழைத்தது அறுகிறதா? எறிய வேண்டாம். தட்டையாகத் தட்டி நீத்துப்பெட்டியில் ஐந்து நிமிடம் ஆவி காட்டி, சூட்டோடு மறுபடி குழைத்துப் பிழியுங்கள். விட்டுப்போன வேக்காடு அதில் கிடைத்துவிடும். பிழியும்வரை ஈரத்துணியால் மூடி வையுங்கள். ஆறின மா இறுகிவிடும், பிறகு உங்கள் கைதான் நோகும்.

எல்லாக் கண்ணிலும் அறுந்தால் நான் சொன்ன தண்ணிப் பிழை. ஒரு சில கண்ணில் மட்டும் இழை வராமல் நின்றால் அது தவிடு. சிவப்பரிசி மாவில் தவிட்டுத் துண்டு அதிகம், மில்லில் ஒரு தரம் அரைத்தால் அது முழுக்க நசியாது. வறுத்தபின் கண் சிறிய அரிதட்டில் இன்னொரு தரம் அரித்துவிடுங்கள். உரலில் அடைத்த கண்ணை ஈர்க்கால் உள்பக்கம் தள்ளாமல் வெளிப்பக்கமாகக் குத்தி எடுங்கள்.