டெண்டர் பதிலை மதிப்பீட்டு வரிசைக்கு மாற்றுதல்

கேள்வி: எங்கள் தொழில்நுட்ப முன்மொழிவு எழுதி முடிந்துவிட்டது. ஆனால் டெண்டரில் உள்ள மதிப்பீட்டு அளவுகோல்களின் வரிசை வேறாக இருக்கிறது. முழுவதையும் திரும்ப எழுதாமல் மாற்றி அமைக்க முடியுமா?

முடியும். பழைய வரைவை அப்படியே வைத்துவிட்டு, அளவுகோல்கள் மட்டும் உள்ள ஒரு வெற்று ஆவணத்தைத் தயாரியுங்கள். ஒவ்வோர் அளவுகோலையும் அதன் எண், மதிப்பெண், துணைக்கூறுகள் ஆகியவற்றோடு டெண்டரில் உள்ள சொற்களிலேயே தலைப்பாக இடுங்கள். மதிப்பீட்டாளர் கையில் இருக்கும் மதிப்பெண் தாளும் பெரும்பாலும் அதே எண்களையும் சொற்களையும் கொண்டிருக்கும். சில குழுக்களில் ஒருவருக்கு ஓர் அளவுகோலுக்குரிய பகுதி மட்டுமே பிரித்துத் தரப்படுவதால், வேறு அத்தியாயத்தில் நீங்கள் வைத்த நல்ல சான்று அவர் கண்ணில் படாமலே போகக்கூடும்.

அடுத்து, பழைய வரைவின் ஒவ்வொரு பத்திக்கும் அருகில், அது எந்தத் துணைக்கூறுக்கு விடையளிக்கிறது என்று எண் இடுங்கள். கணினி வலையமைப்புப் பராமரிப்புக்கான டெண்டர் ஒன்றில் செயல்முறைக்கு 30, பணியாளர்களுக்கு 25, முன் அனுபவத்துக்கு 20, இடர் மேலாண்மைக்கு 15, முந்தைய ஒப்பந்ததாரரிடமிருந்து பணியை ஏற்பதற்கு 10 மதிப்பெண்கள் என்றும், பக்க வரம்பு 40 என்றும் வைத்துக்கொள்வோம். மதிப்பெண் விகிதப்படி பார்த்தால் பக்கங்கள் 12, 10, 8, 6, 4 என்று பிரியும். வரைவில் முன் அனுபவமே 17 பக்கங்களை அடைத்துக்கொண்டிருந்தால், எங்கே வெட்ட வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

எண்ணிட்டு முடித்ததும், ஒவ்வொரு பத்தியையும் வெற்று ஆவணத்தில் அதன் எண்ணுக்குரிய தலைப்பின் கீழ் ஒட்டுங்கள். எந்த எண்ணும் பெறாத பத்திகள் சில மிஞ்சும். நிறுவன வரலாறு பெரும்பாலும் இந்த வகைதான், தயங்காமல் நீக்கலாம். அதைவிடக் கவனிக்க வேண்டியவை, ஒரு பத்திகூடக் கிடைக்காத துணைக்கூறுகள். “பணியாளர்களின் தகுதியையும், அவர்கள் விலகினால் செய்யும் மாற்று ஏற்பாட்டையும் விளக்குக” என்று கேட்டிருந்தால் அதில் இருப்பவை இரண்டு கேள்விகள்; தகுதிப் பட்டியல் முதல் பாதிக்கு மட்டுமே விடையாகும். இப்படிப்பட்டவற்றை இரண்டு துணைத்தலைப்புகளாகப் பிரித்துக்கொண்டு, விடுபட்ட பாதியைப் புதிதாக எழுதுங்கள். உண்மையில் புதிதாக எழுத வேண்டிய பகுதி அநேகமாக இவ்வளவுதான்.

ஒரே சான்று இரண்டு அளவுகோல்களுக்குப் பொருந்தினால், இரண்டாவது இடத்தில் அதன் சாரத்தை ஓரிரு வரிகளில் தந்துவிட்டு, விரிவான பகுதியின் பக்க எண்ணைக் குறிப்பிடுங்கள். வெறும் “மேலே காண்க” போதாது. டெண்டரின் அறிவுரைப் பகுதி பதிலுக்கென்று வேறொரு வரிசையைக் கட்டாயமாக்கியிருந்தால், அந்த வரிசையையே பின்பற்றி, அளவுகோல் எண்ணையும் பக்க எண்ணையும் இணைத்துக் காட்டும் அட்டவணையை முன்பக்கத்தில் சேருங்கள். திருத்த அறிவிப்பு ஏதேனும் வந்து மதிப்பெண்கள் மாறியுள்ளனவா என்பதை, வெட்டி ஒட்டத் தொடங்கும் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

இடம் மாறிய பத்திகளில் “முன்பு கூறியபடி” போன்ற தொடர்களும் பின்னிணைப்பு எண்களும் பொருந்தாமல் நிற்கும். அவற்றைச் சரிசெய்த பிறகு, இந்த வரைவைப் படித்திராத ஒருவரிடம் ஒரு பகுதியையும் அதற்குரிய அளவுகோலையும் மட்டும் கொடுத்து, ஒவ்வொரு துணைக்கூறுக்கும் விடை எந்தப் பக்கத்தில் உள்ளது என்று குறிக்கச் சொல்லுங்கள். அவர் பக்க எண் எழுதாமல் விட்ட இடங்களில் இன்னும் வேலை இருக்கிறது.