காரில் இடது இண்டிகேட்டர் மட்டும் படபடவென்று வேகமாக அடிக்கிறது. பல்பு மாற்றியும் சரியாகவில்லை, ஏன்?

பல்பு மாற்றியும் நிற்கவில்லை என்றால் எர்த்தை, அதாவது மின்சாரம் கார் பாடி வழியாகத் திரும்பிப் போகும் இணைப்பைப் பாருங்கள். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் என் கார் நிற்கிறது. போன வருஷம் எனக்கும் இதே கூத்து.

இண்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைப்பது ஃப்ளாஷர். சரியாக இருந்தால் நிமிஷத்துக்கு 60 முதல் 120 தடவைக்குள் அடிக்கும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என 21 வாட் பல்பு இரண்டும் எரிந்தால், அதன் வழியாக ஏறக்குறைய மூன்றரை ஆம்பியர் ஓடும். ஒரு பல்பு போனால் அது பாதியாகிவிடும். ஓட்டுகிறவருக்குப் பின்னால் விளக்கு எரியாதது தெரியாதல்லவா? அதனால் மின்சாரம் குறைந்ததும் வேகமாக அடிக்கும்படியே ஃப்ளாஷரைச் செய்திருக்கிறார்கள். ஆக, படபடப்பது அநேகமாக ஃப்ளாஷரின் கோளாறு அல்ல, அது சொல்லும் புகார். 21 வாட்டுக்குப் பதில் சின்ன பல்போ எல்.இ.டி.யோ போட்டாலும் இதே புகார்தான்.

நானும் முதலில் பின் பல்பைத்தான் மாற்றினேன். புதுசு எரிந்தது, ஆனால் சாகப்போகிற தணல் மாதிரி. அது அடிக்கிற தாளத்துக்கே பக்கத்திலிருந்த பிரேக் விளக்கும் மங்கலாக மினுங்கியது. நான் பிரேக்கில் கால் வைக்கவே இல்லை! எட்டிப் பார்த்த பக்கத்துப் பட்டறைத் தம்பி, "அண்ணே, எர்த்து போயிருக்குண்ணே" என்றான்.

அவன் சொன்னது சரி. அந்தப் பக்கத்துப் பின்விளக்குகள் எல்லாவற்றுக்கும் எர்த் ஒயர் ஒன்றுதான். அது பாடியில் சரியாகப் பிடிக்காவிட்டால், பல்புக்குள் வந்த மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல் பிரேக் பல்புக்குள் பின்வழியாக நுழைந்து சுற்றிப் போகிறது. போகிற அளவும் குறைச்சல். ஃப்ளாஷர் அதைப் பார்த்து, பல்பு போய்விட்டது என்றே நினைத்துக்கொள்கிறது.

மல்டிமீட்டரின் ஒரு முனையை ஹோல்டரின் எர்த்திலும் மற்றதை பேட்டரி நெகட்டிவிலும் வைத்து, இண்டிகேட்டரைப் போட்டோம். அரை வோல்ட்கூடக் காட்டக்கூடாது. விளக்கு எரியும்போதெல்லாம் 7 காட்டியது. ஒரு துண்டு ஒயரால் ஹோல்டர் எர்த்தைப் பெயிண்ட் இல்லாத பாடித் தகட்டோடு சேர்த்ததும் படபடப்பு நின்றது. மீட்டர் இல்லாதவர்களுக்கு இந்தச் சோதனையே போதும். ஆனால் எது எர்த் ஒயர் என்று உறுதியாகத் தெரிந்துகொண்டு செய்யுங்கள், மாற்றித் தொட்டால் ஃப்யூஸ் போகும்.

டிக்கியின் உள் அட்டையைக் கழற்றினால் எர்த் போல்ட் தெரிந்தது. அதைச் சுற்றி வெள்ளையாக உப்பு, ஒயர் முனையில் பச்சைக் களிம்பு. கழற்றி, உப்புத்தாளால் தகடு பளபளக்கும் வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் பூசினேன். பூசுவது இறுக்கிய பிறகுதான். ஹோல்டருக்குள்ளும் களிம்பு இருந்தது, ஆனால் அதைச் சுரண்டுவதைவிடப் புது ஹோல்டர் போடுவதே மேல் என்று மாற்றிவிட்டேன்.