நன்கொடையாகக் கொடுத்த சரக்கைக் கணக்கில் எப்படிக் காட்டுவது?

கேள்வி: மின்விசிறிகளை வாங்கி விற்கும் தனிநபர் வணிகம் செய்கிறேன். விற்பனைக்கு வைத்திருந்த 20 மின்விசிறிகளை ஒரு முதியோர் இல்லத்துக்கு இலவசமாகக் கொடுத்தேன். ஒன்றின் கொள்முதல் விலை ரூ.1,500, விற்பனை விலை ரூ.2,000. கணக்கு எழுதுபவர் பூஜ்ய விலையில் விற்பனை பில் போட்டிருக்கிறார். இது சரியா? இதற்கு வருமான வரியில் கழிவு கிடைக்குமா?

பதில்: பூஜ்ய விலை பில் சரியன்று. அந்த பில்லால் இருப்பின் எண்ணிக்கை குறையும். ஆனால் அந்தச் சரக்குக்குக் கொடுத்த ரூ.30,000 கொள்முதல் கணக்கிலேயே தங்கி, விற்ற சரக்கின் அடக்கத்தோடு கலந்துவிடும். ஆண்டு விற்பனை ரூ.10 லட்சம், உண்மையில் விற்ற சரக்கின் அடக்கம் ரூ.8 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மொத்த லாபம் 20 சதவீதமாக இருக்க வேண்டும். தானமாகப் போன சரக்கும் அடக்கத்தில் சேர்ந்தால் அது 17 சதவீதமாகத் தெரியும். காரணமின்றி லாப விகிதம் சரிந்தால், விற்பனை மறைக்கப்பட்டதோ என்றுதான் வரி அதிகாரி முதலில் கேட்பார்.

சரக்கு விற்கப்படவில்லை என்பதால் விற்பனைக் கணக்கைத் தொடவே கூடாது, ரூ.2,000 என்ற விற்பனை விலைக்கும் இங்கே வேலையில்லை. கொள்முதல் கணக்கில் அடக்க விலையை வரவு வைத்து, நன்கொடைக் கணக்கில் பற்று வைக்க வேண்டும். ஆனால் பற்று வைக்க வேண்டிய தொகை ரூ.30,000 மட்டுமன்று. அதற்குக் காரணம் ஜிஎஸ்டி.

இந்த மின்விசிறிகளை வாங்கியபோது 18 சதவீத வரியாக ரூ.5,400 கட்டி, அதை உள்ளீட்டு வரி வரவாக எடுத்திருப்பீர்கள். இலவசமாகக் கொடுத்த சரக்குக்கு அந்த வரவு கிடையாது என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(h) பிரிவு சொல்கிறது. தொலைந்தவை, திருடு போனவை, அழிந்தவை ஆகியவற்றோடு அன்பளிப்பையும் அது ஒரே வரிசையில் வைக்கிறது. நோக்கம் நல்லதா என்று அது பார்ப்பதில்லை. எனவே எடுத்த வரவைத் திருப்பிவிட வேண்டும். பதிவு இப்படி அமையும்: நன்கொடைக் கணக்கு பற்று ரூ.35,400, கொள்முதல் கணக்கு வரவு ரூ.30,000, உள்ளீட்டு மத்திய ஜிஎஸ்டி வரவு ரூ.2,700, உள்ளீட்டு மாநில ஜிஎஸ்டி வரவு ரூ.2,700. வெளிமாநிலத்தில் வாங்கிய சரக்கானால் கடைசி இரண்டுக்கும் பதிலாக ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி ரூ.5,400 என ஒரே வரி வரும்.

கொடுத்த மாதத்துக்கான GSTR-3B படிவத்தில் 4(B)(1) என்ற இடத்தில் இந்த ரூ.5,400-ஐக் காட்ட வேண்டும். அந்த மாதம் கடந்துவிட்டால் அடுத்து தாக்கல் செய்யும் படிவத்திலேயே காட்டிவிடுங்கள். தவறாக எடுத்த வரவைப் பயன்படுத்தியும் இருந்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி சேரும். ஏற்கெனவே போட்ட பூஜ்ய பில்லை ரத்து செய்து, இருப்புப் பதிவேட்டில் 20 மின்விசிறிகள் அன்பளிப்பாக வெளியேறியதாகத் தனியே எழுதுங்கள். அன்பளிப்பாகப் போன சரக்கையும் இருப்புக் கணக்கில் காட்ட வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதியே. இல்லத்தின் ஒப்புகைக் கடிதத்தையும், அந்தச் சரக்கு எந்தக் கொள்முதல் பில்லில் வந்தது என்ற குறிப்பையும் அதனோடு கோத்து வையுங்கள். வேறு வேறு விலையில் வாங்கியிருந்தால், திருப்ப வேண்டிய வரியை அந்தக் குறிப்பிலிருந்துதான் எடுக்க முடியும்.

வருமான வரியில் நிலைமை உங்களுக்குச் சாதகமாக இல்லை. வணிகத்துக்காகவே செய்த செலவுதான் லாபத்திலிருந்து கழியும். தானம் அந்த வகையில் சேராது. ஆகவே லாப நட்டக் கணக்கில் ரூ.35,400 பற்றாக இருந்தாலும், வரிக்குரிய வருமானத்தைக் கணக்கிடும்போது அதை லாபத்தோடு திரும்பக் கூட்ட வேண்டும். 80ஜி என்று நாம் பழகிய நன்கொடைக் கழிவும் பணமாகக் கொடுத்ததற்கு மட்டுமே உண்டு, பொருளுக்குக் கிடையாது. இல்லம் ரசீதில் பொருளின் மதிப்பை எழுதித் தந்தாலும் இது மாறாது.

அடுத்த முறை கொடுக்க நினைத்தால், அந்த இல்லத்துக்கு 80ஜி பதிவு இருக்கிறதா என்று பார்த்து, காசோலையாகவோ வங்கி வழியாகவோ பணமாகக் கொடுக்கலாம், ரொக்கமாக ரூ.2,000-க்கு மேல் கொடுத்தால் கழிவு இல்லை. பொதுவாக இத்தகைய நன்கொடையில் பாதித் தொகைதான், அதுவும் வருமானத்தையொட்டிய உச்சவரம்புக்குள், கழிவாகும். நீங்கள் புதிய வரி முறையில் இருந்தால் அதுவும் கிடையாது. அந்தப் பணத்தில் இல்லம் உங்களிடமே மின்விசிறி வாங்கினால், அது வழக்கமான விற்பனை; வரியோடு பில் போட வேண்டும், லாபத்துக்கும் வரி உண்டு. ஆனால் எங்கே வாங்குவது என்பதை இல்லமே முடிவு செய்ய வேண்டும். கொடுத்த பணம் மறுநாளே உங்கள் கணக்குக்குத் திரும்புமாறு முன்பே பேசி வைத்தால், அதை உண்மையான நன்கொடையாக வரித்துறை ஏற்காமல் போகலாம்.